25க்கு 11: போட்டோவுல வந்த கணக்கு பேப்பரும், அந்த அம்மாவுக்கு நான் எழுதின லெட்டரும்

சாயங்காலம் வீட்ல ட்யூஷன் எடுக்கறவங்களுக்கு இது பழகின விஷயம் தான், ஸ்கூல்ல பேப்பர் குடுத்த அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வரும், கீழ ஒரே ஒரு லைன், "பாருங்க மிஸ் இவன் பண்ணியிருக்கறத". அதுக்கு நம்ம என்ன எழுதறோம்ங்கறதுல தான் அந்த வீட்ல அடுத்த ஒரு வாரம் எப்படி போகும்னு இருக்கு. "அடுத்த தடவை நல்லா பண்ணுவான்மா, கவலைப்படாதீங்க"ன்னு அனுப்பிடலாம், ஆனா அத வெச்சு அந்த அம்மா என்ன செய்ய முடியும் சொல்லுங்க.

இங்க நான் சொல்லப்போறது ஒரு ஏழாம் கிளாஸ் பையனோட பேப்பர், 25 மார்க் டெஸ்ட், முழுக்களும் பின்னங்களும். வாங்கினது 11. அந்த பேப்பர எப்படி படிச்சேன், அவங்க அம்மாவுக்கு என்ன எழுதினேன், ஏன் அப்படி எழுதினேன்னு மூணையும் சொல்றேன். பேரு, ஸ்கூல் எதுவும் வேண்டாம்.

முதல்ல போட்டோ. வந்தது ஒரே ஒரு பக்கம், அதுவும் டியூப்லைட்டுக்கு கீழ நின்னு எடுத்தது, கை நிழல் பாதி பேப்பர்ல விழுந்திருக்கு, வலது ஓரம் கட் ஆகியிருக்கு. கணக்கு பேப்பர பொறுத்தவரைக்கும் அந்த ஓரம் தான் ரொம்ப முக்கியம், ஏன்னா பசங்க ரஃப் வொர்க்க அங்க தான் கிறுக்குவாங்க. அதனால பதில் சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேட்டேன். எல்லா பக்கமும் வேணும், வெறும் பேப்பரா இருந்தாலும் கடைசி பக்கமும் வேணும். கொஸ்டின் பேப்பரும் வேணும். காலைல ஜன்னல் பக்கத்துல தரையில வெச்சு நேர் மேல இருந்து எடுங்க, ஃப்ளாஷ் வேண்டாம், ஃப்ளாஷ் அடிச்சா சிவப்பு மை பளபளன்னு வெளுத்துப்போய் டிக்கா இன்ட்டா தெரியாது. அப்புறம் போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்லன்னா வாட்ஸ்அப் சுருக்கிடும், பென்சில்ல எழுதின மைனஸ் குறி எல்லாம் காணாமப் போயிடும். மைனஸ் பத்தின டெஸ்ட்ல மைனஸே தெரியலன்னா நான் என்னத்த பார்க்கறது.

அடுத்த நாள் காலைல எல்லாம் தெளிவா வந்துச்சு. நான் முதல்ல செஞ்சது கூட்டி பார்த்தது. முதல் பகுதி, சரியான விடையை தேர்ந்தெடு, 5க்கு 4. ரெண்டாவது பகுதி, 2 மார்க் கேள்வி அஞ்சு, 10க்கு 4. மூணாவது பகுதி, 5 மார்க் கேள்வி ரெண்டு, 10க்கு 3. மொத்தம் 25க்கு 11, கூட்டல் சரி தான். இத ஏன் முதல்ல பண்றேன்னா, அவசரத்துல திருத்தறப்ப கூட்டல்ல தவறறது எங்கயும் நடக்கும், நம்ம பெரிய விளக்கமா எழுதி அனுப்பினதுக்கு அப்புறம் அது தெரிஞ்சா நல்லா இருக்காது.

அடுத்து சரியா போட்டது எல்லாத்தையும் பார்த்தேன். நிறைய பேர் இன்ட்டு போட்டத மட்டும் தான் பார்ப்பாங்க. சரியா போட்டதுல தான் பையனுக்கு என்ன தெரியும்னு இருக்கு, சில சமயம் அங்கயே தப்புக்கும் காரணம் ஒளிஞ்சிருக்கும். இந்த பேப்பர்ல அப்படி தான் இருந்துச்சு.

ரெண்டாவது பகுதிய அப்படியே தர்றேன்:

(−7) + 12, அவன் போட்டது 5, சரி.
5 − (−3), அவன் போட்டது 2, தப்பு. 8 வரணும்.
(−4) × (−6), அவன் போட்டது 24, சரி.
2/3 + 1/4, அவன் போட்டது 3/7, தப்பு. 11/12 வரணும்.
(−9) − (−4), அவன் போட்டது −13, தப்பு. −5 வரணும்.

2வும் −13ம் தனித்தனியா பார்த்தா ஏதோ குழப்பம்னு தோணும். சேர்த்து பாருங்க. 5 − 3 போட்டா 2 வரும். −9 − 4 போட்டா −13 வரும். அதாவது வெளிய ஒரு மைனஸ், ப்ராக்கெட்டுக்குள்ள ஒரு மைனஸ் இருந்தா இவன் ரெண்டையும் சேர்த்து ஒரே மைனஸா படிக்கறான். ரெண்டு தடவையும் அதே மாதிரி. இது கவனக்குறைவு இல்ல, கவனமில்லாம போடறவனுக்கு ஒரு தடவை ஒரு மாதிரி வரும், இன்னொரு தடவை இன்னொரு மாதிரி வரும். இவன் தன்கிட்ட இருக்கற ஒரு விதிய ஒழுங்கா கடைபிடிச்சிருக்கான், விதி தான் தப்பு.

இதுல விடைய பார்த்தே காரணத்த கண்டுபிடிக்கலாம். (−9) − (−4)க்கு ஒருத்தன் 13னு போட்டா அவன் "மைனஸ் மைனஸ் ப்ளஸ்"னு பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ணி எங்க பார்த்தாலும் போடறவன். 5னு போட்டா கழிக்க தெரியும், குறிய விட்டுட்டான். −13 போட்டா இந்த பையன் மாதிரி. மூணும் தப்பு தான், மூணுக்கும் அதே 0 மார்க் தான், ஆனா மூணு பேருக்கும் சொல்லிக்குடுக்க வேண்டியது வேற வேற.

மூணாவது பகுதில ஒரு மலை ஊர்ல காலைல −3 டிகிரி, மத்தியானம் 9 டிகிரி, வித்தியாசம் எவ்ளோன்னு கேட்டிருந்தாங்க. இவன் "9 − (−3)"னு அழகா எழுதியிருக்கான், அடுத்த லைன்ல "= 6". அந்த கட் ஆன ஓரத்துல பென்சில்ல 9 − 3னு குட்டியா இருந்துச்சு. ஸ்டெப்புக்கு 2 மார்க் குடுத்திருக்காங்க, மீதி 3 போச்சு. இன்னொன்னு, ஒரு நிலத்துல 1/2 பங்கு நெல், 1/3 பங்கு கரும்பு, மீதி காய்கறி, காய்கறி எவ்ளோ பங்கு. இவன் 1/2 + 1/3 = 2/5, அப்புறம் 1 − 2/5 = 3/5. 5க்கு 1.

இன்னும் ஒரு வேலை பாக்கி, அவன் கிட்டயே கேக்கறது. அவங்க அம்மாவ ஒரு வாய்ஸ் நோட் போட சொன்னேன், ஆனா "ஏன் தப்பா போட்ட"ன்னு கேக்கக்கூடாது, "இத எப்படி போட்டன்னு எனக்கு சொல்லிக்குடு"ன்னு கேக்கணும், சரியா போட்ட ஒரு கணக்கையும் தப்பா போட்ட ஒண்ணையும் கலந்து கேக்கணும்னு சொன்னேன். தப்ப மட்டும் கேட்டா உடனே அழிச்சிட்டு வேற ஏதாவது விடைய சொல்லிடுவாங்க, நமக்கு ஒண்ணும் தெரியாது. பையன் சொன்னது: "மைனஸ் ஏழு ப்ராக்கெட்ல இருக்குல்ல, அந்த ப்ராக்கெட் சும்மா தான், எடுத்துட்டு போடலாம். இதுலயும் எடுத்துட்டேன், ரெண்டு மைனஸ் பக்கத்துல பக்கத்துல வந்துச்சு, ஒண்ணு போதும்ல மிஸ்."

கேட்டதும் சிரிச்சிட்டேன், ஏன்னா பாதி சரியா சொல்றான். (−7) + 12ல ப்ராக்கெட்ட எடுத்தா ஒண்ணும் ஆகாது, −7 + 12 தான். அங்க டிக் விழுந்ததும் அதே விதிய வெச்சு தான். அந்த டிக்கு தான் அவன் விதிய உறுதி பண்ணிடுச்சு.

பின்னத்துல என்ன ஆச்சுன்னா மேல மேல கூட்டி, கீழ கீழ கூட்டிட்டான். இந்த தப்ப வருஷா வருஷம் பார்க்கறேன். இத எங்க இருந்து புடிக்கறாங்கன்னு இந்த பேப்பரோட முதல் பக்கத்த பார்த்தா புரியும். சிவப்பு மைல 4/5, 4/10, 3/10, அடில 11/25. மேல கூட்டு 11, கீழ கூட்டு 25. ஒவ்வொரு டெஸ்ட்லயும் டீச்சரே இப்படி தான கூட்டறாங்க, அப்புறம் நான் கூட்டினா மட்டும் ஏன் தப்புன்னு ஒரு பையன் கேட்டா நியாயமான கேள்வி தான். மார்க்க எழுதறப்ப ஒவ்வொரு பகுதியும் தனி, 5 மார்க் ஒரு கட்டு, 10 மார்க் இன்னொரு கட்டு, மொத்தமும் பெருசாகிட்டே போகுது. நிலத்துல அப்படி இல்ல, பாதியும் மூணுல ஒரு பங்கும் ஒரே நிலத்துலருந்து எடுக்கறது, அந்த நிலம் பெருசாகாது. குறி ஒரே மாதிரி இருக்கு, வேலை வேற.

இதெல்லாம் பார்த்துட்டு தான் லெட்டர் எழுதினேன். எழுதறதுக்கு முன்னாடி மனசுல வெச்சுக்கிட்டது கொஞ்சம் தான். அந்த அம்மா காலைல வேலைக்கு போயிட்டு ஏழு மணிக்கு மேல தான் வீட்டுக்கு வர்றவங்க, கணக்கு பத்தாவதோட விட்டது. அதனால கேள்வி வரிசைல 1, 2, 3னு விளக்கினா மூணாவதுலயே விட்டுடுவாங்க, தப்பு வகை வகையா தான் சொல்லணும். சதவீதம் எழுதக்கூடாது, 44 பர்சன்ட்னு எழுதினா அது மட்டும் தான் வீட்ல பேச்சா இருக்கும். மத்த பசங்க எவ்ளோன்னும் எழுதக்கூடாது. "புத்திசாலி பையன், கொஞ்சம் கவனம் போதும்"னு எழுதறதும் எனக்கு புடிக்காது, ஏன்னா அது உண்மை இல்ல, இவனுக்கு கவனம் இருக்கு, வேற ஒண்ணு தான் வேணும். லெட்டர் இது தான்:

"வணக்கம்மா. பேப்பர் முழுசா பார்த்துட்டேன், கூட்டலும் சரியா தான் இருக்கு, 25க்கு 11 தான்.

போனது 14 மார்க். அது 14 தப்பு இல்லம்மா, பெரிய தப்பு ரெண்டே ரெண்டு தான், அதையே திரும்ப திரும்ப பண்ணியிருக்கான். ஒண்ணு, 5 − (−3) மாதிரி வர்ற கணக்கு. மூணு இடத்துல வந்துச்சு, மூணுலயும் ஒரே மாதிரி போட்டிருக்கான், அதுல போனது 7. இன்னொண்ணு, பின்னத்த கூட்டறது, ரெண்டு இடத்துல, போனது 6. மீதி 1 மார்க் சரியான விடைய தேர்ந்தெடுக்கறதுல போச்சு, (−1) × (−1) × (−1)க்கு 1னு டிக் பண்ணியிருக்கான், ரெண்ட பெருக்கிட்டு மூணாவத விட்டுட்டான், அத இப்ப விட்டுடலாம்.

தம்பிக்கு தெரிஞ்சது என்னன்னும் பாருங்க. குறை எண்ணையும் மிகை எண்ணையும் கூட்ட தெரியுது, பெருக்க தெரியுது. வெப்பநிலை கணக்குல 9 − (−3)னு அவனே எழுதியிருக்கான், நிறைய பசங்க அந்த இடத்துலயே 9 − 3னு எழுதிடுவாங்க. கேள்விய கணக்கா மாத்தறது தான் கஷ்டம், அத செஞ்சுட்டான். நில கணக்குலயும் ரெண்டையும் கூட்டி 1லருந்து கழிக்கணும்னு தெரிஞ்சிருக்கு, கூட்டினது தான் தப்பு, கழிச்சது அவன் விடைக்கு சரியா தான் இருக்கு.

இப்ப என்ன செய்யலாம்னா, வீட்ல கேரம் போர்டு இருக்குல்ல, காய் டப்பாவ எடுங்க. வெள்ளை காய் ஒண்ணுன்னா +1, கருப்பு ஒண்ணுன்னா −1. ஒரு வெள்ளையும் ஒரு கருப்பும் சேர்ந்தா பூஜ்யம், அத போர்டுல எப்ப வேணா வைக்கலாம், எப்ப வேணா எடுக்கலாம், மதிப்பு மாறாது. இத மட்டும் முதல்ல அவன் வாயால சொல்ல வெச்சுடுங்க. முதல்ல (−9) − (−4) போட சொல்லுங்க. 9 கருப்பு வைக்கணும், அதுலருந்து 4 கருப்பு எடுக்கணும். மீதி 5 கருப்பு, அதாவது −5. அவன் போட்ட −13 எப்படி வந்துச்சுன்னு நீங்க கேக்க வேண்டாம், அவனே பேப்பர பார்ப்பான். அப்புறம் 5 − (−3). 5 வெள்ளை வெச்சுட்டு 3 கருப்பு எடுன்னு சொல்லுங்க. 'கருப்பே இல்லையே'ன்னு சொல்லுவான், அந்த இடத்துல அவசரப்பட்டு சொல்லிடாதீங்க, கொஞ்சம் விடுங்க. பூஜ்யத்த சேர்க்கலாம்னு ஞாபகம் வரணும். 3 ஜோடி சேர்த்தா 8 வெள்ளை, 3 கருப்பு. 3 கருப்ப எடுத்தா 8 வெள்ளை. விடை 8.

9 − (−3)க்கு கேரம் காய் பத்தாது, 12 வெள்ளை வேணும், டப்பால 9 தான் இருக்கு. அதுக்கு எண்கோடு வரைய சொல்லுங்க, −3லருந்து 9க்கு எத்தனை படின்னு எண்ணட்டும், பூஜ்யத்துக்கு 3, அங்கருந்து 9.

பின்னத்துக்கு ஒரு ஏ4 பேப்பர். நீளவாக்குல ரெண்டா மடிங்க, குறுக்க மூணா மடிங்க, பிரிச்சா 6 கட்டம். இது தான் அந்த நிலம். பாதி நெல்லுன்னா 3 கட்டம் பச்சை, மூணுல ஒரு பங்கு கரும்புன்னா 2 கட்டம் வேற கலர். மொத்தம் 5 கட்டம், அதாவது 5/6, மீதி ஒரு கட்டம் காய்கறி, 1/6. ஏன் ஆறா மடிச்சோம்னு அவன் சொல்லிட்டான்னா எல்.சி.எம் எதுக்கு எடுக்கறோம்ங்கறது வந்துடும்.

ஒரு நாளைக்கு பத்து நிமிஷம் போதும்மா, முதல்ல காய், அது நல்லா வந்ததுக்கு அப்புறம் பேப்பர், ரெண்டையும் ஒரே நாள் வேண்டாம். காய் முடிஞ்சதும் இந்த நாலு போட சொல்லுங்க: 6 − (−2), (−8) − (−3), (−2) − (−7), 4 − 9. விடை வரிசையா 8, −5, 5, −5. எல்லாத்துக்கும் காய் பத்தும். சரியா தப்பான்னு நீங்க சொல்ல வேண்டாம், காய வெச்சு அவனே சரி பார்க்கட்டும். போட்டத போட்டோ எடுத்து அனுப்புங்க, ரஃப் வொர்க்கோட.

இந்த பேப்பர ஸ்கூல் க்ரூப்லயோ சொந்தக்காரங்க க்ரூப்லயோ போடாதீங்க. தம்பி கிட்ட இந்த லெட்டர படிச்சு காட்டலாம், அவனுக்கும் சேர்த்து தான் எழுதியிருக்கேன்."

இவ்ளோ தான் லெட்டர். கொஞ்சம் நீளம் தான், ஆனா அவங்க ஒரே நாள்ல எல்லாத்தையும் செய்ய வேண்டியது இல்லன்னு உள்ளயே சொல்லியிருக்கேன்.

சில இடத்த வேணும்னே விட்டேன். அடுத்த டெஸ்ட்ல இவ்ளோ வரும்னு எழுதல. கணக்கா பார்த்தா ரெண்டு தப்பும் சரியானா 13 மார்க் திரும்பி வரணும், ஆனா அடுத்த டெஸ்ட் வேற பாடத்துல வரும், எழுதிட்டு அப்புறம் வரலன்னா பையன் தான் மாட்டுவான். அப்புறம் போட்டோவ வெச்சு சொல்ல முடியாததும் இருக்கு. நேரம் பத்தலையா, பயந்துட்டானா, பக்கத்து பையன பார்த்து எழுதினானா, இதெல்லாம் பேப்பர்ல தெரியாது. கடைசி கேள்வி வரைக்கும் எழுதியிருக்கான், கையெழுத்தும் கடைசில கிறுக்கலாகல, அதனால நேரம் பிரச்சனை இல்லன்னு ஓரளவு சொல்லலாம், அதுக்கு மேல ஊகம் தான், ஊகத்த லெட்டர்ல எழுதக்கூடாது.

அவங்க திரும்ப கேட்டது ஒண்ணே ஒண்ணு தான். "நில கணக்குல கழிச்சது சரின்னு சொல்றீங்க, அப்ப ஏன் 1 மார்க் தான் குடுத்தாங்க, போய் கேக்கலாமா மிஸ்?" இது அடிக்கடி வர்ற கேள்வி. ஸ்டெப் மார்க் ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒவ்வொரு மாதிரி, சிலர் முதல் ஸ்டெப் தப்பானா அதோட நிறுத்திடுவாங்க, சிலர் அந்த தப்பு விடைய வெச்சு அடுத்தது சரியா இருந்தா குடுப்பாங்க. கேக்கறதுல தப்பில்ல, ஆனா "ஏன் கம்மியா போட்டீங்க"ன்னு கேட்டா பேச்சு வேற பக்கம் போயிடும். "5 மார்க் கேள்விக்கு ஸ்டெப் மார்க் எப்படி பிரிச்சு குடுக்கறீங்க மேடம், வீட்ல எழுதி பழக்கணும்"னு கேளுங்கன்னு சொன்னேன். அந்த பதில் அடுத்த எல்லா டெஸ்ட்டுக்கும் உதவும், இந்த ஒரு மார்க்க விட அது பெருசு. அவங்களும் போய் கேட்டாங்க, கழித்தல் சரியா இருந்ததுக்கு தான் அந்த 1ன்னு தெரிஞ்சுது.

வீட்ல நடந்தத அவங்க சொன்னாங்க. காய் வெச்ச முதல் நாளே (−9) − (−4) உடனே வந்துடுச்சாம், 5 − (−3)ல தான் ரொம்ப நேரம் நின்னுட்டான், கருப்பு இல்லாம எப்படி எடுக்கறதுன்னு அம்மா கிட்ட சண்டையே போட்டிருக்கான். கடைசில சிவப்பு காய நடுவுல வெச்சு இது தான் பூஜ்யம்னு ஏதோ சொல்லியிருக்கான், அதுவும் ஒரு யோசனை தான், ஆனா அது வேலைக்கு ஆகாது, அதுலருந்து கருப்ப பிரிச்சு எடுக்க முடியாதே. அப்புறம் அவனே ஜோடி ஜோடியா வெச்சிருக்கான். பின்னத்துக்கு 1/2 + 1/3 மடிச்சதும் புரிஞ்சுது, ஆனா 2/3 + 1/4க்கு எத்தனையா மடிக்கறதுன்னு தெரியல, ஒரு பக்கம் மூணு இன்னொரு பக்கம் நாலுன்னு நான் போன்ல சொன்னேன், 12 கட்டம், 8ம் 3ம் 11.

பின்னத்துல நான் கூட ஒண்ணு சேர்த்து குடுத்தேன், விடை எழுதினதும் பாதியோட ஒப்பிட்டு பார்க்கறது. 1/2 + 1/3 = 2/5ன்னு எழுதிட்டான்ல, 5ல பாதி ரெண்டரை, 2 அத விட கம்மி, அப்ப 2/5 பாதிய விட கம்மி. நெல்லு மட்டுமே பாதி நிலம், அதோட கரும்பும் சேர்த்தா எப்படி பாதிய விட கம்மியாகும்? 3/7ம் அப்படி தான், 2/3 மட்டுமே பாதிய விட ஜாஸ்தி. இந்த ஒரு சோதனைக்கு அஞ்சு செகண்ட் கூட ஆகாது, பரீட்சை ஹால்ல அம்மாவும் இல்ல ஏ4 பேப்பரும் இல்ல, இது மட்டும் தான் கூட வரும். எல்லா தப்பையும் இது புடிக்காது, 1/8 + 1/8 = 2/16னு போட்டா பாதிய வெச்சு ஒண்ணும் தெரியாது, அப்ப 2/16ம் 1/8ம் ஒண்ணு தானேன்னு பார்க்கணும். ஆனா இவன் லெவலுக்கு நிறைய புடிக்கும்.

நாலு கணக்கு போட்டோ வந்துச்சு, நாலும் சரி, ரஃப் வொர்க்குல வெள்ளைக்கும் கருப்புக்கும் குட்டி குட்டி வட்டம் போட்டிருந்தான். அப்ப நான் இன்னொரு நாலு அனுப்பினேன், அதுல −6 − 2 ஒண்ணு. அதுக்கு 8னு போட்டுட்டான். அம்மாவுக்கு பக்குனு ஆயிடுச்சு, "மறுபடியும் மறந்துட்டான் மிஸ்". மறக்கல. இது புது தப்பு, போன தப்பு சரியாகறப்ப அடிக்கடி பின்னாடியே வர்றது. ரெண்டு மைனஸ் இருந்தா கூட்டணும்னு இப்ப தெரிஞ்சிடுச்சு, அத எங்கெங்கயோ போட்டு பார்க்கறான். பழைய விதியே இருந்திருந்தா இங்க −8னு சரியா போட்டிருப்பான், அதனால இந்த தப்பு வந்ததே அவன் மாறியிருக்கான்னு காட்டுது. முதல் லெட்டர்லயே இத எழுதி வெச்சிருந்தா குழப்பியிருக்கும், வந்ததுக்கு அப்புறம் சொன்னா போதும்.

அதுக்கும் அதே காய் தான். 6 கருப்பு வை, 2 வெள்ளை எடு. வெள்ளை இல்ல, 2 ஜோடி சேரு, இப்ப 8 கருப்பு 2 வெள்ளை, வெள்ளைய எடு, 8 கருப்பு. −8. அப்புறம் அவங்களுக்கு எழுதினது இது: "ஒரு பக்கத்துல இந்த நாலையும் எழுதி வைங்கம்மா, 6 − 2, −6 − 2, 6 − (−2), −6 − (−2). விடை 4, −8, 8, −4. தினமும் நம்பர மாத்தி, வரிசைய கலைச்சு நாலே நாலு போட சொல்லுங்க. போடறதுக்கு முன்னாடி 'எந்த கலர் வைக்கணும், எந்த கலர் எடுக்கணும்'னு வாயால சொல்லட்டும். காய் இல்லாமலே சொல்ல ஆரம்பிச்சுட்டான்னா டப்பாவ மூடிடலாம்."